தணிப்பா, தகவமைப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலைப் பாடம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த இரண்டு சொற்களைச் சுற்றியே பெரும்பாலான சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். அவசரமாகத் திருப்பிப் பார்க்க வேண்டியவர்களுக்கான அட்டவணை கடைசிக்குச் சற்று முன் இருக்கிறது.

ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? ஒரே வரியில சொல்லுங்க.

தணிப்பு (மிட்டிகேஷன்) காலநிலை மாற்றத்தின் காரணத்தின் மீது கை வைக்கிறது. தகவமைப்பு (அடாப்டேஷன்) விளைவின் மீது கை வைக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, குளிர்சாதனங்களில் இருக்கும் ஃபுளோரின் வாயுக்கள் ஆகியவை வெப்பத்தைப் பிடித்து வைப்பவை. இவை காற்றில் சேர்வதைக் குறைப்பதும், சேர்ந்துவிட்டதை உறிஞ்சி எடுப்பதும் தணிப்பு. கூடிவிட்ட வெப்பத்தோடும் மாறிவிட்ட மழையோடும் உயரும் கடலோடும் குறைந்த சேதத்தில் வாழ, நம் கட்டடங்களையும் வயல்களையும் வேலைமுறையையும் மாற்றிக்கொள்வது தகவமைப்பு.

நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டுக் காற்றாலை நிறுவுவது தணிப்பு. வெப்ப அலை வருகிறது என்று முன்கூட்டியே எச்சரித்து, வெளிவேலையை அதிகாலைக்கு மாற்றுவது தகவமைப்பு. அந்தக் காற்றாலையால் அந்த வாரத்து வெயில் குறையாது. அந்த எச்சரிக்கையால் காற்றில் ஒரு கிலோ கார்பன்கூடக் குறையாது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது என்பதை இங்கேயே மனதில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வருமுன் காப்பது தணிப்பு, வந்தபின் சமாளிப்பது தகவமைப்புன்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். நான் திருத்தும் விடைத்தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். "வெள்ளம் வருமுன் அணை போடு" என்று பழமொழி சொல்கிறது. அணை போடுவது வருமுன் காப்பதுதான். ஆனால் அது மழையைக் குறைப்பதில்லை, மழையின் விளைவைத்தான் குறைக்கிறது. ஆகவே அது தகவமைப்பு.

நல்ல தகவமைப்பு எல்லாமே வருமுன் செய்வதுதான். 1953-ல் வடகடல் புயல் வெள்ளம் நெதர்லாந்தில் 1,836 பேரைப் பலிகொண்டது. அதன்பின் அந்நாடு தலைமுறைக் கணக்கில் கடலணைகளைக் கட்டியது. 1997-ல் திறக்கப்பட்ட மாஸ்லாண்ட் தடுப்பு, ராட்டர்டாம் துறைமுகத்துக்குச் செல்லும் நீர்வழியைப் புயலின்போது மூடும் இரண்டு பிரம்மாண்டக் கதவுகள். அடுத்த புயலுக்கு முன்பே கட்டப்பட்டது என்பதால் அது தணிப்பு ஆகிவிடாது. பிரித்துப் பார்க்கக் காலத்தைக் கேட்காதீர்கள், எதன் மீது வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

பேரிடர் மேலாண்மைப் புத்தகத்துல கரை கட்டுறதைத் "தணிப்பு"ன்னு போட்டிருக்கே, அது தப்பா?

தப்பில்லை. துறை வேறு. பேரிடர் மேலாண்மையில் தணிப்பு என்றால் வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றின் சேதத்தைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் அடங்கும். கரை கட்டுவது, நிலநடுக்கம் தாங்கும் கட்டட விதி எல்லாமே அங்கே தணிப்புதான். காலநிலைப் பேச்சில் அதே சொல் வாயுக்களைக் குறைப்பதை மட்டுமே குறிக்கும்.

ஆக ஒரே வெள்ளக்கரை பேரிடர் தாளில் தணிப்பு, காலநிலைத் தாளில் தகவமைப்பு. கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டு விடை எழுதுங்கள். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், மொழியை மாற்றிப் படித்தாலும் இந்தக் குழப்பம் விடாது.

நாளைக்கே உலகம் முழுக்கப் புகையை நிறுத்திட்டா, வெயில் குறைஞ்சிடுமா?

குறையாது, ஆனால் மேலும் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். கார்பன் டை ஆக்சைடை ஒரு தொட்டியில் விழும் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் பெரியது, அடியில் உள்ள வடிகால் மிகச் சிறியது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. குழாயை மூடினால் மட்டம் உயர்வது நிற்கும். ஏறிய மட்டம் வடிய நூற்றாண்டுகள் ஆகும். அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குத் தங்கிவிடும்.

மீத்தேன் வேறு மாதிரி. காற்றில் அதன் ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். அதைக் குறைத்தால் பலன் ஒரு தலைமுறைக்குள்ளேயே தெரியும். கடல்மட்டம் இரண்டுக்கும் எதிர்ப்பக்கம். ஆழ்கடல் மெல்லத்தான் சூடேறும், பனிப்பாளங்கள் மெல்லத்தான் உருகும் என்பதால், வாயுக்கள் நின்ற பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் அது உயர்ந்துகொண்டிருக்கும். தணிப்பால் அந்த வேகத்தையும் இறுதி உயரத்தையும் குறைக்கலாம்.

இரண்டும் ஏன் தேவை என்பதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்ட அளவுக்குத் தகவமைப்பைத் தவிர வேறு வழியில்லை. இன்னும் எவ்வளவு ஏறப்போகிறது என்பதைத் தணிப்பு ஒன்றுதான் தீர்மானிக்கும்.

அப்போ தகவமைச்சுக்கிட்டே போயிடலாமே, எதுக்கு இவ்வளவு செலவு பண்ணித் தணிக்கணும்?

தகவமைப்பு எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு வங்காளதேசத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2007-ல் சித்ர் புயலில் இறந்தவர்கள் சில ஆயிரம் பேர். புயலுக்குப் புயல் பாதையும் அலை ஏறும் நேரமும் வேறுபடும் என்பதால் எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் முன்னெச்சரிக்கை, வீடுவீடாகப் போய்ச் சொல்லும் தன்னார்வலர்கள், உயரத் தூண்கள் மேல் கட்டிய புகலிடங்கள் ஆகியவை உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தப் புகலிடத்துக்குள் வயலைக் கொண்டுபோக முடியாது. உப்புநீர் ஏறிய மண்ணும், கரைந்துபோன வீட்டுமனையும் வெளியேதான் கிடக்கும். அதோடு சில எல்லைகளைப் பணத்தாலும் தாண்ட முடியாது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஓர் அளவு உண்டு. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டுவது. அது 35 டிகிரியைத் தொட்டால் வியர்வை உலர்ந்து உடம்பைக் குளிர்விக்க முடியாது. நிழலில், விசிறிக்கு முன்னால், தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார். உழைக்கும் உடம்புக்கும் முதியவர்களுக்கும் அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடும். அந்த இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது தணிப்பின் வேலை.

மரம் நடுறது எதுல வரும்?

எதற்காக, எங்கே நடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மரம் வளரும்போது கார்பனை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் தணிப்பு. தெருவோர மரத்தின் நிழலும், கரையோர அலையாத்தி மரங்கள் அலையின் வேகத்தை உடைப்பதும் தகவமைப்பு.

தெருவோரத்தில் நூறு மரம் நட்டால் நிழலின் பயன் பெரிது, கார்பன் கணக்கில் அது சொற்பம். அதைத் தணிப்புத் திட்டம் என்று முதன்மைப்படுத்துவது சரியில்லை. மரம் பட்டுப்போனாலோ எரிந்துபோனாலோ சேர்த்த கார்பன் காற்றுக்கே திரும்பிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏசி போட்டுக்கிறது தகவமைப்புதானே? அப்புறம் ஏன் அதைக் குறை சொல்றாங்க?

தகவமைப்புதான். வெப்ப அலையில் அது உயிர் காக்கும் கருவி. நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சிக்கல் என்னவென்றால், விளைவைச் சமாளிக்கும்போதே காரணத்தை வளர்க்கிறது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அறை ஏசி மணிக்கு 1 யூனிட் மின்சாரம் எடுப்பதாகவும், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டில் 120 நாள் ஓடுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 960 யூனிட். நிலக்கரியில் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஆக ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1 டன். அதே மின்சாரம் சூரிய ஒளியிலிருந்தோ காற்றாலையிலிருந்தோ வந்தால் இதில் மிகச் சிறு பங்குதான் வரும்.

பலர் கவனிக்காதது உள்ளே ஓடும் வாயு. ஆர்-410ஏ என்ற குளிர்வாயு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கக்கூடியது. பழுது பார்க்கும்போது அதில் 1 கிலோவைக் காற்றில் திறந்துவிட்டால் 2 டன்னுக்குச் சமம். மேலே போட்ட மின்சாரக் கணக்கில் இரண்டு ஆண்டு ஓட்டம், சில நிமிடங்களில் போய்விடுகிறது. ஏசி சரியாகக் குளிரவில்லை, அடிக்கடி வாயு நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பது காற்றில் ஊற்றுவதுதான். ஆர்-32 வாயுவுக்கு இந்த மடங்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 எனப்படும் புரொப்பேனுக்கு மிகமிகக் குறைவு, ஆனால் அது எளிதில் தீப்பற்றும் என்பதால் பொருத்துவதற்குப் பயிற்சி வேண்டும். இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தம் தணிப்பு நடவடிக்கை.

கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, சன்னலுக்கு வெளிநிழல், குறுக்குக் காற்றோட்டம் ஆகியவை இரட்டைப் பயன் தருபவை. அறை சூடேறுவதும் குறையும், ஏசி ஓடும் நேரமும் குறையும். வெள்ளைப் பூச்சில் தூசி படிந்தால் பயன் மங்கும். கழுவ வேண்டும், சில ஆண்டுகளில் மறுபடி பூச வேண்டும். மாடி வீடுகளில் மேல்தளத்துக்குத்தான் அதன் பயன் அதிகம்.

நெல் வயல்ல தண்ணியைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுறாங்களே, அது தணிப்பா தகவமைப்பா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற அந்த முறை ஒரே செயலில் இரண்டையும் செய்கிறது. எங்கே தோற்கும் என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைத் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. நெல்லின் தண்டுக்குள் காற்றை வேருக்குக் கொண்டுபோகும் நுண்குழல்கள் உண்டு. அதே குழல்கள் வழியாக மீத்தேன் மேலேறி வெளியே வருகிறது. இடையிடையே மண்ணைக் காயவிட்டால் ஆக்சிஜன் இறங்கி அந்த நுண்ணுயிர்களின் வேலை தடைபடுகிறது. ஒழுங்காகச் செய்த வயல்களில் மீத்தேன் பாதியளவுக்குக் குறைவது உண்டு. அது தணிப்பு. பாசன நீரிலும் கால் பங்கு வரை மிச்சமாகும். மழை பொய்க்கும் ஆண்டிலும் பயிரைக் காப்பாற்றலாம் என்பதால் அது தகவமைப்பு.

செய்யும் விதம் இது. நட்டு ஓரிரு வாரம் கழித்து, துளையிட்ட ஒரு குழாயை வயலில் செங்குத்தாகப் புதைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி ஈரமட்டம் குழாய்க்குள் தெரியும். நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு தரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். அந்த ஆழம்வரை வேர் ஈரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் விளைச்சல் குறைவதில்லை. பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் காயவிடக் கூடாது. அப்போது காய்ந்தால் கதிர் பதராகும்.

தோற்கும் இடங்கள் மூன்று. தொடர்ந்து மழை பெய்யும் பருவத்தில், வடிகால் இல்லாத வயலைக் காயவைக்கவே முடியாது. குழாய் நட்டும் மட்டம் இறங்காது, இரண்டு பயனும் இல்லை. இரண்டாவது, மண் ஈரமும் காய்ச்சலுமாக மாறும்போது தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வெளியேறும். அது ஒரு கிலோவுக்குக் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 270 மடங்கு. பெரும்பாலும் மீத்தேனில் கிடைக்கும் லாபம் இதைவிடப் பெரிது, ஆனால் உரத்தை அள்ளிக் கொட்டினால் லாபத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். மூன்றாவது, மிச்சமான தண்ணீரைக் கொண்டு கூடுதல் நிலத்தில் நெல் நட்டால், தண்ணீரும் மிச்சமாகாது, ஒரு வயலில் குறைந்த மீத்தேனின் ஒரு பகுதி அடுத்த வயலில் வந்துவிடும். அப்போது விளைச்சல் கூடியிருக்கும், அது நல்லதுதான். ஆனால் அதைத் தணிப்பு என்று முழுக் கணக்கு எழுத முடியாது.

தணிப்பை டன் கணக்குல சொல்றீங்க. தகவமைப்பை எதுல அளக்கிறது?

பொது அளவு இல்லை. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு உலகில் எங்கே குறைந்தாலும் ஒரே பலன், அது உலகத்துக்கே பொது. தகவமைப்பின் பலன் செய்த இடத்திலேயே நிற்கும். ஓரிடத்தில் உயிர்கள், இன்னோரிடத்தில் விளைச்சல், வேறோரிடத்தில் குடிநீர். நடக்காமல் போன சேதத்தைத்தான் எண்ண வேண்டும் என்பதால் கணக்கு இன்னும் கடினம். தணிப்புத் திட்டங்களுக்கு முதலீடு எளிதாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: காற்றாலை விற்க மின்சாரம் தருகிறது, புயல் புகலிடம் விற்க எதையும் தருவதில்லை.

சூரிய ஒளியையே தடுத்துப் பூமியைக் குளிர்விக்கலாம்னு படிச்சேன். அது எந்த வகை?

இரண்டிலும் சேராது. வாயுக்களைக் குறைக்காததால் தணிப்பு இல்லை. நம் வாழ்முறையை மாற்றாததால் தகவமைப்பும் இல்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி அதைத் தனி வகையாகவே வைக்கிறது. காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சி நிலத்தடியில் புதைப்பது வேறு. அது காரணத்தையே அகற்றுவதால் தணிப்பு.

பரீட்சைக்கு முந்தின நாள் பார்க்கிற மாதிரி ஒரு அட்டவணை குடுங்களேன்.

அட்டவணையில் 'கவனிக்க' என்ற கடைசி நெடுவரிசையைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

| செயல் | எதன் மீது வேலை செய்கிறது | வகை | கவனிக்க |
|---|---|---|---|
| நிலக்கரிக்குப் பதில் காற்றாலை, சூரிய மின்சாரம் | கார்பன் உமிழ்வு | தணிப்பு | பலன் உலகுக்குப் பொது, மெல்லத் தெரியும் |
| மீத்தேன் கசிவை அடைப்பது | மீத்தேன் உமிழ்வு | தணிப்பு | ஆயுள் சுமார் 12 ஆண்டு, பலன் விரைவு |
| கடலணை, புயல் தடுப்புக் கதவு | வெள்ளச் சேதம் | தகவமைப்பு | பேரிடர் பாடத்தில் "தணிப்பு" |
| வெப்ப அலை எச்சரிக்கை, வேலை நேர மாற்றம் | உடல்நலச் சேதம் | தகவமைப்பு | உமிழ்வு குறையாது |
| உப்பு தாங்கும் பயிர் ரகம் | விளைச்சல் இழப்பு | தகவமைப்பு | உப்பு ஓர் அளவைத் தாண்டினால் பயனில்லை |
| அலையாத்திக் காடு | கார்பன், அலை வேகம் | இரண்டும் | கரைக்குப் பின்னால் நகர இடம் இல்லாவிட்டால் கடல் விழுங்கும் |
| வெள்ளைக் கூரை, வெளிநிழல் | அறை வெப்பம், மின் செலவு | இரண்டும் | முதன்மையாகத் தகவமைப்பு |
| காய்ச்சலும் பாய்ச்சலும் | மீத்தேன், பாசன நீர் | இரண்டும் | வடிகால் வேண்டும் |
| நிலக்கரி மின்சாரத்தில் ஏசி | அறை வெப்பம் | தகவமைப்பு | காரணத்தை வளர்க்கும் |

தணிப்பும் பத்தாம, தகவமைப்பும் பத்தாமப் போனா அதுக்கு என்ன பேர்?

இழப்பும் சேதமும். பவளப்பாறைகள் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. உலக வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிட 1.5 டிகிரி கூடினால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு அழியும் என்றும், 2 டிகிரியில் 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும் என்றும் ஐபிசிசி 2018-ல் சொன்னது. பவளத்துக்குக் கரை கட்ட முடியாது. அந்த அரை டிகிரியைத் தணிப்பால் மட்டுமே காக்க முடியும். காக்காவிட்டால் போனது இழப்புக் கணக்கில்தான் எழுதப்படும்.

மனிதர்கள் விஷயத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது. கடல் கொண்டுபோன தீவின் மக்களுக்கு வேறு நிலம் கொடுக்கலாம். மூதாதையர் கல்லறைகளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மிகக் குறைவாக உமிழ்ந்தவர்களே பெரும்பாலும் அதிகம் இழக்கிறார்கள் என்பதால், இதைத் தகவமைப்பு நிதியோடு கலக்காமல் தனியாகப் பேச வேண்டும் என்று சிறு தீவு நாடுகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்தன. 2013-ல் வார்சாவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் அதற்கென ஓர் அமைப்பு உருவானது. தனி நிதியம் அமைக்க நாடுகள் ஒப்புக்கொண்டது 2022-ல், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் மாநாட்டில்தான்.